அசைன்மென்ட் அனுப்பி ஒரு வாரம், பதில் இல்லை: ரெக்ரூட்டருக்கு எழுதும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வேலைக்கு விண்ணப்பித்தீர்கள். முதல் தொலைபேசி உரையாடல் நன்றாகப் போனது. வீட்டிலிருந்து செய்து அனுப்பச் சொல்லி ஓர் அசைன்மென்ட் கொடுத்தார்கள். இரண்டு மூன்று இரவுகள் உட்கார்ந்து முடித்து அனுப்பினீர்கள். ஒரு வாரமாக ரெக்ரூட்டரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலோர் உடனே மின்னஞ்சலைத் திறந்து எழுதத் தொடங்குகிறார்கள். வரிசை அங்கேயே தவறிவிடுகிறது. நான் அசைன்மென்ட் செய்து அனுப்பியும் இருக்கிறேன், மற்றவர்கள் அனுப்பியதை மதிப்பிடும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டாவது நாற்காலியில்தான், வராத பதில்களில் ஒரு பங்கு அனுப்பியவரின் பக்கத்திலேயே சிக்கியிருப்பதைப் பார்த்தேன். அதைச் சரிபார்த்த பிறகே கடிதம். மென்பொருள் வேலைக்கான அசைன்மென்ட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். வடிவமைப்பு, எழுத்து, தரவுப் பகுப்பாய்வு வேலைகளுக்கு மூன்றாம் பகுதியின் விவரங்கள் மட்டும் மாறும்.

## 1. அந்த ஒரு வாரத்தை முதலில் எண்ணுங்கள்

காத்திருப்பவரின் வாரமும் அலுவலகத்தின் வாரமும் வேறு. செவ்வாய் இரவு 11:40க்கு அனுப்பியவருக்கு அடுத்த செவ்வாய் மாலையே ஒரு வாரம் தாண்டிவிட்டதாகத் தோன்றும். அலுவலகக் கணக்கில் புதன்தான் முதல் நாள். புதன், வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய் ஆகியவை முடிந்தால் ஐந்து வேலை நாள்கள். அடுத்த நாள் புதன்கிழமை எழுதலாம். நடுவில் விடுமுறை வந்திருந்தால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ரெக்ரூட்டர் வேறு நாட்டில் இருந்தால் அவருடைய விடுமுறைகள்தான் கணக்கு.

எண்ணுவதற்கு முன், அசைன்மென்ட் கொடுத்தபோது வந்த மின்னஞ்சலை மறுபடி படியுங்கள். "மதிப்பீட்டுக்கு இரண்டு வாரம் ஆகும்" என்ற வரி பல நேரங்களில் கடைசிப் பத்தியில் கிடக்கும். கெடு தேதியைத் தேடும் அவசரத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. அப்படி ஒரு வரி இருந்தால், சொன்ன தேதிக்கு அடுத்த வேலை நாள்வரை எழுத வேண்டாம். அவர்களே சொன்ன கெடுவுக்குள் கேட்டால், அனுப்பிய கடிதத்தைக்கூட இவர் சரியாகப் படிக்கவில்லை என்ற எண்ணம்தான் வரும்.

கெடுவுக்கு முன்பே முடித்து அனுப்பியவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. எல்லோருடையதையும் கெடு முடிந்த பிறகு சேர்த்து எடுத்து மதிப்பிடுவது பல இடங்களில் வழக்கம். நீங்கள் நான்கு நாள் முன்னதாக அனுப்பியிருந்தால், அந்த நான்கு நாளில் யாரும் அதைத் தொட்டிருக்கமாட்டார்கள். ஐந்து வேலை நாளைக் கெடு தேதியிலிருந்து எண்ணுங்கள்.

## 2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

அசைன்மென்ட் கொடுக்கப்பட்ட மின்னஞ்சல், நீங்கள் அனுப்பிய பதில், "கிடைத்தது" என்று யாராவது எழுதியிருந்தால் அது, நீங்கள் கொடுத்த ஒவ்வோர் இணைப்பு. இவை நான்கும் ஒரே பார்வையில் தெரியும்படி இருக்கட்டும்.

இவற்றில் முக்கியமானது "கிடைத்தது" என்ற பதில். அது வந்திருந்தால் உங்கள் கோப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. மதிப்பீடு எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. வந்திருக்காவிட்டால், போய்ச் சேர்ந்ததா என்பதே இன்னும் தெரியாது. கடிதத்தின் முதல் வரி இதைப் பொறுத்து மாறும்.

ஸ்பேம் பெட்டியையும் விளம்பர அஞ்சல்கள் விழும் பெட்டியையும் பார்த்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரை வைத்து மட்டும் தேட வேண்டாம். ஆள் தேர்வுக்கான மென்பொருளிலிருந்து போகும் அஞ்சல்களில், அனுப்புநர் முகவரி நிறுவனத்தின் முகவரியாக இல்லாமல் அந்த மென்பொருளின் முகவரியாக இருக்கலாம். அதனால், அனுப்பிய நாளுக்குப் பிந்தைய எல்லா அஞ்சல்களையும் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு. ஐந்து நிமிட வேலை. நான்கு நாள் முன்பே வந்திருந்த நேர்காணல் அழைப்பை ஸ்பேம் பெட்டியில் வைத்துக்கொண்டு "ஏன் பதில் இல்லை" என்று கேட்டு எழுதியவரை நான் பார்த்திருக்கிறேன்.

## 3. அனுப்பியதை அவர்களால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்

இந்தப் பகுதிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கணினியில் எல்லாம் திறக்கும், நீங்கள் உரிமையாளர். கேள்வி, உங்கள் கணக்கு இல்லாத ஒருவருக்குத் திறக்கிறதா என்பது. பிரவுசரில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். நினைவிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டாம். அனுப்பியதில்தான் பிழை இருக்கும்.

கிட்ஹப்பில் தனிப்பட்ட களஞ்சியமாக இருந்தால். மறைநிலைச் சாளரத்தில் 404 வரும். அது இயல்பு, அனுமதி இல்லாதவருக்கு கிட்ஹப் அப்படித்தான் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது களஞ்சியத்தின் `Settings` பக்கத்தில் `Collaborators` பகுதி. மதிப்பீடு செய்பவரின் பெயர் அங்கே ஏற்கப்பட்ட நிலையில் இருக்கிறதா, இன்னும் காத்திருப்பில் நிற்கிறதா என்று பாருங்கள்.

கிட்ஹப் அழைப்பு ஏழு நாளில் காலாவதியாகிவிடும். அசைன்மென்ட் அனுப்பிய அன்றே நீங்கள் அழைப்பும் அனுப்பியிருப்பீர்கள். மதிப்பீடு செய்பவர் எட்டாம் நாள்தான் உங்கள் பெயருக்கு வந்து இணைப்பைச் சொடுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு போய்விட்டது, திரையில் 404. அவர் ரெக்ரூட்டருக்கு "இணைப்பு வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார். ரெக்ரூட்டரிடம் அன்று இன்னும் பல பேரின் வேலை இருக்கிறது. அந்த ஒரு வரி அடியில் புதைகிறது. யார் மீதும் பெரிய குற்றம் இல்லை, ஆனால் உங்கள் அசைன்மென்ட்டை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. அழைப்பு அஞ்சல், மதிப்பீடு செய்பவர் கிட்ஹப்பில் பதிந்திருக்கும் முகவரிக்குத்தான் போகும். அது அவருடைய சொந்த முகவரியாக இருந்து, அலுவலக நேரத்தில் அவர் அதைத் திறக்காமலே இருக்கலாம். எனவே ஏற்கப்படாத அழைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக அனுப்புங்கள். கூடவே, அழைப்பை நேரடியாக ஏற்கும் பக்கத்தின் முகவரியையும் ரெக்ரூட்டருக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்கலாம். அது இந்த வடிவில் இருக்கும்:

```
https://github.com/உங்கள்-பயனர்பெயர்/களஞ்சியப்பெயர்/invitations
```

அழைக்கப்பட்டவர் அதே கணக்கில் உள்நுழைந்திருந்தால், அஞ்சலைத் தேடாமல் இந்தப் பக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளலாம்.

கூகுள் டிரைவில் இருந்தால். பகிர்வு நிலை `Restricted` என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், திறக்க முயன்றவர் அனுமதி கேட்டிருக்கலாம். அந்தக் கோரிக்கை கோப்புக்கு உரிமையான கணக்குக்கு வந்திருக்கும். விண்ணப்பித்தது ஒரு கணக்கு, கோப்பு வைத்திருப்பது இன்னொரு கணக்கு என்றால் அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அந்தப் பெட்டியையும் போய்ப் பாருங்கள்.

ஜிப் கோப்பை இணைத்து அனுப்பியிருந்தால். ஜிமெயில் `.js`, `.exe`, `.bat` போன்ற சில வகைக் கோப்புகளைத் தடுத்துவிடும், அவை ஜிப்புக்குள் இருந்தாலும். இணைக்கும் கோப்புகளின் மொத்த அளவுக்கு 25 எம்பி வரம்பும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் செய்த அசைன்மென்ட்டை ஜிப்பாக அனுப்பியவர்கள், அஞ்சல் திரும்பி வந்திருக்கிறதா என்று பெட்டியில் தேடிப் பாருங்கள். திரும்பி வராவிட்டாலும், அலுவலகத்தின் அஞ்சல் வடிகட்டி அதை ஓரமாக ஒதுக்கியிருக்க வாய்ப்பு உண்டு. இம்முறை கோப்பை இணைக்காமல், கிட்ஹப்பிலோ டிரைவிலோ ஏற்றி அதன் முகவரியை அனுப்புவது நல்லது.

திறக்கிறது என்றால், ஓடுகிறதா என்பது அடுத்த கேள்வி. உங்கள் வேலைக் கோப்புறையில் அல்லாமல், வெறும் கோப்புறையில் புதிதாக இறக்கிப் பாருங்கள்:

```
git clone <அனுப்பிய இணைப்பு> check
cd check
git log -1 --format="%h %cd"
```

கடைசி வரி, அவர்கள் கையில் இருக்கும் கடைசி மாற்றத்தின் அடையாளத்தையும் தேதியையும் காட்டும். கடைசி இரவு செய்த திருத்தம் இதில் இல்லையென்றால், அதை நீங்கள் மேலே ஏற்றவே மறந்திருக்கிறீர்கள். பிறகு உங்கள் வழிமுறைக் கோப்பில் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் செய்து பாருங்கள். அடிக்கடி விடுபடுவது `.env` கோப்பு: அது களஞ்சியத்தில் ஏறாது, ஏறவும் கூடாது, ஆனால் அதில் என்னென்ன மதிப்புகள் வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்காது. உங்கள் கணினியில் ஓடியது மற்றவர் கணினியில் ஓடாமல் போவதற்கு அந்த ஒன்றே போதும்.

பிழை கண்டுபிடித்தால் என்ன செய்வது? ஓடவே விடாத பிழை என்றால் திருத்தி, கடிதத்தில் ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள்: "வழிமுறைக் கோப்பில் விடுபட்ட ஒரு படியை இன்று சேர்த்திருக்கிறேன், நிரலில் மாற்றம் இல்லை." ஓடுகிறது, ஆனால் இன்னும் அழகாக எழுதியிருக்கலாம் என்று தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கெடுவுக்குப் பின் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு வரலாற்றில் தெரியும். மற்றவர்களுக்குக் கிடைக்காத நேரத்தை எடுத்துக்கொண்டதாகவே மதிப்பீடு செய்பவர் அதைப் படிப்பார். நான் அப்படித்தான் படித்திருக்கிறேன். மனசு கேட்காவிட்டால் தனிக் கிளையில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் "பிறகு யோசித்தபோது" என்று சொல்ல உதவும்.

உங்கள் களஞ்சியம் பொதுவானதாக இருந்தால், `Insights` பகுதியில் `Traffic` என்ற பக்கம் கடந்த 14 நாளில் எத்தனை முறை பார்க்கப்பட்டது, எத்தனை முறை நகல் எடுக்கப்பட்டது என்று காட்டும். பார்த்துக்கொள்ளலாம், ஆனால் நம்ப வேண்டாம். தானியங்கி நிரல்கள் எடுக்கும் நகல்களும் அதில் கலந்திருக்கும். "இன்னும் நீங்கள் திறக்கவில்லை என்று தெரிகிறது" என்று அதை வைத்துக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். படிப்பவருக்கு யாரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

## 4. யாருக்கு எழுதுவது

ரெக்ரூட்டர் உங்கள் நிரலைப் படிப்பதில்லை. குழுவில் உள்ள ஒரு பொறியாளர், தன் அன்றாட வேலைக்கு இடையில், அதைப் படித்துக் கருத்து எழுத வேண்டும். குழுவின் மேலாளர் அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகே ரெக்ரூட்டருக்கு உங்களிடம் சொல்ல ஏதாவது இருக்கும். அவர் மௌனமாக இருப்பதன் பொருள் பெரும்பாலும் அவரிடமும் பதில் இல்லை என்பதுதான். உங்கள் கடிதத்தின் உண்மையான வேலை, அவர் அந்தப் பொறியாளரைக் கேட்பதற்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுப்பது.

ஆகவே எழுத வேண்டியது அசைன்மென்ட்டை அனுப்பிய ரெக்ரூட்டருக்கே, அதே அஞ்சல் தொடரில், பதிலாக. தலைப்பை மாற்றாதீர்கள், மாற்றினால் பல அஞ்சல் செயலிகளில் அது புதிய தொடராகப் பிரிந்துவிடும். அப்போது அவர் உங்கள் பெயரை வைத்துப் பழைய அஞ்சலைத் தேட வேண்டியிருக்கும். தேட வேண்டிய அஞ்சலை எல்லோரும் நாளைக்குத் தள்ளிவைப்பார்கள்.

அசைன்மென்ட் வந்த முகவரி `no-reply` என்று தொடங்கினால் அதற்குப் பதில் போட்டுப் பயனில்லை. முதல் தொலைபேசி உரையாடலுக்கு நேரம் குறித்த அஞ்சல் யாரிடமிருந்து வந்ததோ அவருக்கு எழுதுங்கள்.

ரெக்ரூட்டர் நிறுவனத்தின் ஊழியராக இல்லாமல், இடைநிலை நிறுவனம் ஒன்றிலிருந்து பேசுபவராக இருந்தால் கேள்வியை மாற்ற வேண்டும். "எந்த நிலையில் இருக்கிறது" என்று அவரைக் கேட்டால் "கேட்டுச் சொல்கிறேன்" என்பார். "என் அசைன்மென்ட்டை நிறுவனத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குத் தேதியைத் தவிர வேறு பதில் இல்லை. அவர் அனுப்பவே மறந்திருந்தால் அன்றே அனுப்பிவிடுவார். அவரைத் தாண்டி நிறுவனத்துக்கு நேராக எழுத வேண்டாம். அங்கே அதைப் பெறுபவர் பெரும்பாலும் அவருக்கே திருப்பி அனுப்புவார். உங்களுக்காகப் பேச வேண்டிய ஆளிடமே சங்கடம்தான் மிஞ்சும்.

மதிப்பீடு செய்யும் பொறியாளரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், கிட்ஹப் அழைப்பு அனுப்பியதே அவருக்குத்தானே. அவரை லிங்க்ட்இன்னில் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டாம். மதிப்பீட்டின் நடுவில் விண்ணப்பதாரரோடு தனியாகப் பேசினால் அவருடைய கருத்தின் நடுநிலைமேலேயே கேள்வி எழும். அதனால் அவர் பதில் சொல்லமாட்டார்.

## 5. கடிதத்தை எழுதுதல்

புதியவர்கள் எழுதிக் காட்டுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

> வணக்கம். தங்கள் வேலைப்பளுவுக்கு நடுவில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். அசைன்மென்ட் பற்றி ஏதேனும் தகவல் உண்டா என்று தெரிந்துகொள்ளலாமா? இந்த வேலையில் சேர மிகவும் ஆவலாக இருக்கிறேன். தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

மரியாதையில் குறை இல்லை. ஆனால் எந்தப் பணியிடம், எந்த அசைன்மென்ட், எப்போது அனுப்பியது என்று எதுவும் இல்லை. ஒரே நேரத்தில் பல பணியிடங்களுக்கு ஆள் தேடும் ரெக்ரூட்டர், பதில் சொல்லும் முன் மூன்று இடங்களில் தேட வேண்டும். "ஏதேனும் தகவல் உண்டா" என்ற கேள்விக்கு "இன்னும் இல்லை" என்பதே அவருக்கு எளிய பதில். அதைச் சொல்வதற்காக ஒருவர் அஞ்சல் எழுதுவாரா? எழுதமாட்டார்.

முதல் பகுதியில் சொன்ன செவ்வாய் இரவுக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவர் அனுப்பியது 4ஆம் தேதி. "கிடைத்தது" என்ற பதில் வரவில்லை. 12ஆம் தேதி, புதன்கிழமை காலை `Collaborators` பக்கத்தைத் திறந்தார். அழைப்பு ஏற்கப்படாமலே காலாவதியாகியிருந்தது. அதை நீக்கிப் புதிதாக அனுப்பினார். பிறகு எழுதிய கடிதம்:

> வணக்கம்,
>
> பேக்கெண்ட் பொறியாளர் பணியிடத்துக்கான அசைன்மென்ட்டை 4ஆம் தேதி செவ்வாய்க்கிழமை இந்தத் தொடரில் அனுப்பியிருந்தேன்.
>
> மதிப்பீடு செய்பவருக்கு அன்று நான் அனுப்பிய கிட்ஹப் அழைப்பு ஏழு நாள் கெடு முடிந்து காலாவதியாகியிருக்கிறது. இன்று காலை புதிய அழைப்பு அனுப்பியிருக்கிறேன்; கீழே உள்ள இணைப்பில் அவர் ஏற்றுக்கொள்ளலாம். 4ஆம் தேதிக்குப் பிறகு நிரலில் எந்த மாற்றமும் செய்யவில்லை.
>
> அசைன்மென்ட் கிடைத்ததா என்பதையும், மதிப்பீட்டு முடிவை எந்த வாரத்தில் எதிர்பார்க்கலாம் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.
>
> நன்றி.

முதல் வரி ரெக்ரூட்டர் தேட வேண்டிய எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிடுகிறது. இரண்டாம் பத்தி அவர் அப்படியே பொறியாளருக்கு முன்னனுப்பக்கூடியது. தன் சொல்லாக ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம். "எந்த மாற்றமும் செய்யவில்லை" என்பது கேட்கப்படாத கேள்விக்குப் பதில். புதிய அழைப்பைப் பார்த்ததும் பொறியாளர் மனதில் எழக்கூடிய சந்தேகம் அதுதான். கடைசிப் பத்தியில் "எந்த வாரத்தில்" என்ற சொல் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. "எந்தத் தேதியில்" என்று கேட்டால் ரெக்ரூட்டரால் உறுதி தர முடியாது, அதனால் நழுவுவார். வாரம் என்றால் துணிந்து சொல்வார்.

உங்கள் பக்கத்தில் எந்தச் சிக்கலும் இல்லையென்றால் இரண்டாம் பத்தி வேறு மாதிரி இருக்கும்: "இணைப்புகள் வேலை செய்கின்றன என்று இன்று சரிபார்த்தேன்; வசதிக்காகக் கீழே மீண்டும் தருகிறேன்." இல்லாத சிக்கலைச் சாக்காக உருவாக்காதீர்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்ட வேலையைச் செய்து கொடுத்திருக்கிறீர்கள். ஐந்து நாள் கழித்து நிலவரம் கேட்பது தொந்தரவு ஆகாது. எத்தனை இரவு விழித்தீர்கள் என்பதையும் எழுத வேண்டாம். அது உண்மைதான், நியாயமான மனக்குறையும்தான். ஆனால் ரெக்ரூட்டரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கடிதம் ரெக்ரூட்டர் உங்களோடு எழுதிவந்த மொழியிலேயே இருக்கட்டும். அவர் ஒரு வரியில் எழுதும் பழக்கமுள்ளவர் என்றால் நீங்களும் சுருக்குங்கள்.

## 6. அனுப்பும் நேரம்

ரெக்ரூட்டரின் ஊர் நேரப்படி காலையில், வேலை தொடங்கிச் சற்று நேரம் கழித்து. திங்கள் காலை சேர்ந்து கிடக்கும் அஞ்சல்களுக்கு அடியில் போய்விடும்; வெள்ளி மாலை அனுப்பினால் திங்களுக்குத் தள்ளப்படும். இரவில் எழுதி முடித்தால் ஜிமெயிலின் `Schedule send` வசதியில் காலைக்கு வைத்துவிடுங்கள். அதில் எனக்கு இன்னொரு லாபமும் தெரிகிறது: விடிந்ததும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். இரவில் எழுதியதில் ஒரு வரியாவது வெட்ட வேண்டியிருக்கும்.

அனுப்பிய அன்றே தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ "அஞ்சல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்" என்று தொடராதீர்கள். அவர் இதுவரை வாட்ஸ்அப்பில்தான் பேசிவந்தார் என்றால் கடிதத்தையே அங்கே அனுப்பலாம். ஏதாவது ஒரு வழி போதும்.

## 7. வரும் பதிலைப் படிக்கும் விதம்

செவ்வாய் இரவுக்காரருக்கு அன்று பிற்பகலே பதில் வந்தது: மதிப்பீடு செய்பவருக்கு இணைப்பு திறக்கவில்லையாம், இப்போது திறந்துவிட்டதாம், அடுத்த வாரம் சொல்கிறார்களாம். எல்லோருக்கும் இவ்வளவு தெளிவாக வருவதில்லை.

"குழுவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. நன்றி என்று ஒரு வரி எழுதிவிட்டு ஐந்து வேலை நாள் விடுங்கள்.

"மதிப்பீட்டில் இருக்கிறது, விரைவில் தெரிவிக்கிறோம்" என்றால் தேதி இல்லை. அந்த "விரைவில்" என்பதைக் குடைய வேண்டாம். "நன்றி. அடுத்த புதன்கிழமைவரை தகவல் இல்லையென்றால் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்" என்று நீங்களே ஒரு நாளைக் குறியுங்கள். பிறகு கேட்கும்போது அது சொன்னதைச் செய்வதாக இருக்கும், நச்சரிப்பாக இருக்காது.

"இந்தப் பணியிடம் இப்போதைக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்பது உங்கள் அசைன்மென்ட்டைப் பற்றியது அல்ல. மீண்டும் திறந்தால் தெரிவிக்கக் கேட்டுவிட்டு, மனக்கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தேர்வாகவில்லை என்றால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், அதுவும் குறுகியதாக: "சோதனைகள் எழுதிய விதம், தரவுத்தள அமைப்பு, இவற்றில் எது அதிகம் குறையாகப் பட்டது?" பொதுவாகக் கருத்துக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இரண்டில் ஒன்றைச் சொல்வது பொறியாளருக்கு எளிது. பல நிறுவனங்கள் காரணம் சொல்வதே இல்லை என்ற கொள்கை வைத்திருக்கின்றன. அப்படியானால் அதோடு விடுங்கள்.

## 8. முதல் கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால்

ஐந்து வேலை நாள் கழித்து இரண்டாவது கடிதம், அதே தொடரில். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். முதல் கடிதத்தில் இருப்பதைத் திரும்பச் சொல்லவும் வேண்டாம், அது கீழேயே இருக்கிறது. இதில் புதிதாக ஒன்று சேருங்கள்: "இந்தப் பணியிடத்தை இப்போது வேறு யாராவது கவனிக்கிறார்கள் என்றால், யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லவும்." ரெக்ரூட்டர் விடுப்பில் போயிருக்கலாம், வேலை மாறியிருக்கலாம். தானியங்கி விடுப்புப் பதில் வந்தால் கடைசிவரை படியுங்கள். மாற்று ஆளின் முகவரி பெரும்பாலும் அதில் இருக்கும்.

அதற்கும் பதில் இல்லையென்றால், இன்னும் ஐந்து முதல் ஏழு வேலை நாள் கழித்துக் கடைசிக் கடிதம்:

> வணக்கம். இதுவரை தகவல் இல்லாததால், இந்தப் பணியிடத்துக்கான தேர்வு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன். இந்த மாத இறுதியில் களஞ்சியத்துக்கான அனுமதியை நீக்குகிறேன். அதற்கு முன் தேவைப்பட்டால் தெரிவிக்கவும். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.

இதில் மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை; ஒரு தேதி மட்டும் இருக்கிறது. மூன்று கடிதங்களில் பதில் வருவதுண்டு என்றால் பெரும்பாலும் முதலாவதற்கும் இதற்கும்தான். இரண்டாவது பலமுறை வீணாகும். அதற்காக அதை விட்டுவிட வேண்டாம். முதல் கடிதத்திலிருந்து நேராக இதற்குத் தாவினால் கோபத்தில் எழுதியது போலாகிவிடும். நான்காவது கடிதம் வேண்டாம்.

## 9. நடுவில் வேறு இடத்திலிருந்து ஆஃபர் வந்தால்

அப்போது நாள் கணக்கெல்லாம் செல்லாது. அன்றே எழுதலாம், காலை மாலை பார்க்க வேண்டாம். சொல்ல வேண்டியவை இரண்டுதான்: இன்னோர் ஆஃபர் இருக்கிறது, அதற்கு இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பெயரோ சம்பளமோ தேவையில்லை. கெடு தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே முடிவைச் சொல்லும்படி கேளுங்கள், யோசிக்க உங்களுக்கும் ஒரு இரவு வேண்டும்.

இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லிப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். "அப்படியானால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், எங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும்" என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்? அந்தப் பதில் சாதாரணமாக வரக்கூடியது.

## 10. எல்லாம் முடிந்த பிறகு

முடிவு எப்படி இருந்தாலும், குறித்த தேதியில் `Collaborators` பக்கத்துக்குப் போய் மதிப்பீடு செய்தவரின் பெயரை நீக்கிவிடுங்கள். டிரைவ் இணைப்பின் பகிர்வையும் `Restricted` நிலைக்கு மாற்றுங்கள். சோதனைக்காக ஏதாவது சேவையில் வைத்த மாதிரிச் செயலி ஓடிக்கொண்டிருந்தால், அதையும் அதற்குக் கொடுத்த கடவுச்சொற்களையும் எடுத்துவிடுங்கள்.

நன்றாக வந்த அசைன்மென்ட்டைப் பொதுவில் வைத்து அடுத்த வேலைக்குக் காட்டலாம் என்று தோன்றும். முதல் அஞ்சலை மறுபடி திறந்து, கேள்வியை வெளியிடக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதே கேள்வியை அடுத்தவருக்கும் கொடுப்பார்கள் என்பதால் பல நிறுவனங்கள் அப்படிக் கேட்டுக்கொள்கின்றன. எதுவும் எழுதியிராவிட்டால் ரெக்ரூட்டரிடம் ஒரு வரி கேட்டுவிட்டு, கேள்வித்தாளையும் நிறுவனத்தின் பெயரையும் எடுத்துவிட்டு வெளியிடலாம். பெயரைக் கோப்புகளிலிருந்து அழித்தால் மட்டும் போதாது. பழைய மாற்றங்களின் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். புதிய களஞ்சியம் ஒன்றைத் திறந்து, சுத்தம் செய்த கோப்புகளை ஒரே மாற்றமாக ஏற்றிவிடுங்கள்.